எண்களுக்கு ஏற்ற படம்

கணக்கெடுப்பின் விடைகளைப் படமாக வரையும்போது, எந்தப் படம் அழகாக இருக்கும் என்று கேட்பதைவிட, என்ன வினாவைக் கேட்டோம், அதற்கு எவ்வாறு விடை பெற்றோம் என்று எண்ணிப் பார்ப்பதே முறை. படத்தின் வகையை வினாவே முடிவு செய்கிறது. திருப்பதியில் பணியாற்றும் எனக்கு இதனை நன்கு உணர்த்தியது, என் தமிழ் வகுப்பு மாணவர்கள் நடத்திய ஒரு சிறு கணக்கெடுப்பு.

தமிழை விருப்பமொழியாகப் பயிலும் 40 பேரிடம் அவர்கள் இரண்டு வினாக்களைக் கேட்டனர். முதல் வினா, “வீட்டில் பேசும் மொழிகள் எவை? பொருந்துவன அனைத்திற்கும் குறியிடுக” என்பது. தமிழுக்கு 36 பேரும், தெலுங்கிற்கு 30 பேரும், இந்திக்கு 14 பேரும், ஆங்கிலத்திற்கு 10 பேரும் குறியிட்டிருந்தனர். இம்முடிவுகளைத் தலைமையாசிரியரிடம் அறிக்கையாகத் தரவேண்டும். அடுத்த ஆண்டில் தமிழ் வகுப்பிற்கு எத்தனை பாடவேளைகள் என்பதை முடிவு செய்யும்போது அவர் அதனைப் பார்ப்பார்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்த நான்கு எண்களையும் கணினியில் இட்டு, வட்ட விளக்கப்படம் ஒன்றை வரைந்து வந்தாள். வண்ணங்கள் கண்ணைப் பறித்தன. தமிழுக்குரிய துண்டின்மேல் 40% என்று இருந்தது.

“நாற்பது பேரில் முப்பத்தாறு பேர் தமிழ் பேசுகிறார்கள் அல்லவா? நூற்றுக்கு எத்தனை?” என்று கேட்டேன்.

அவள் கணக்கிட்டுப் பார்த்து, “தொண்ணூறு, ஐயா. ஆனால் படத்தில் ஏன் நாற்பது என்று வந்தது?” என்றாள்.

காரணம் எளிது. வட்டம் என்பது ஒரு முழுமை. அதில் இடப்படும் எண்களின் கூட்டுத்தொகையையே கணினி முழுமையாகக் கொள்கிறது. 36, 30, 14, 10 ஆகியவற்றைக் கூட்டினால் 90 வரும். 90இல் 36 என்பது 40%. விடையளித்தவர்கள் 40 பேர்தாம். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு, மூன்று மொழிகள் வழங்குவதால் குறிகள் 90 ஆயின. படம் ஆட்களைப் பங்கிடவில்லை, குறிகளைப் பங்கிட்டது. வீட்டில் தமிழ் வழங்காத மாணவர்களே மிகுதி என்று அதைப் பார்ப்பவர் எண்ணக்கூடும். உண்மையோ அதற்கு நேர்மாறானது.

இப்பிழையைக் கண்டறிய ஒரு வழி உண்டு. விடைகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை, விடையளித்தவர்களின் எண்ணிக்கையைவிட மிகுந்தால் வட்ட விளக்கப்படம் பொருந்தாது. பட்டை விளக்கப்படமே பொருந்தும். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பட்டை; பட்டையின் நீளம் அம்மொழி பேசுவோரின் எண்ணிக்கை. ஒரு பட்டை நீள்வதால் மற்றொன்று குறுகவேண்டியதில்லை. படத்தின் கீழே, “விடையளித்தோர் 40 பேர், ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைக் குறிக்கலாம்” என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை.

அவ்வாறாயின் வட்டம் எப்போது பொருந்தும்? எங்கள் இரண்டாம் வினா அதற்குச் சான்று. “தாத்தா பாட்டியிடம் பெரும்பாலும் எம்மொழியில் பேசுவாய்? ஒன்றை மட்டும் குறிப்பிடுக” என்று கேட்டிருந்தனர். தமிழ் என்றோர் 30 பேர்; தெலுங்கு என்றோர் 8 பேர்; பிற மொழி என்றோர் 2 பேர். கூட்டினால் சரியாக 40. வட்டத்தின் 360 பாகையை 40ஆல் வகுத்தால் ஒருவருக்கு 9 பாகை. ஆகவே தமிழுக்கு 270 பாகை, தெலுங்கிற்கு 72 பாகை, பிற மொழிகளுக்கு 18 பாகை. முக்கால் வட்டம் தமிழ் என்பது பார்த்தவுடன் விளங்கும். எனினும் இதற்கும் எல்லை உண்டு. ஒரு விடைக்கு 12 பேரும் மற்றொன்றிற்கு 11 பேரும் இருந்தால், 108 பாகைக்கும் 99 பாகைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் எளிதில் காணாது. பட்டைகளை அருகருகே நிறுத்தினால் எது உயரம் என்பது உடனே தெரியும்.

பட்டை விளக்கப்படம் தோன்றிய வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர், 1786இல் வெளியிட்ட தம் நூலில் நாடுகளின் வணிகத்தை ஆண்டு வாரியாகக் கோட்டு வரைபடங்களாக வரைந்தார். ஸ்காட்லாந்தின் வணிகத்திற்கோ அவரிடம் ஓராண்டுக் கணக்கு மட்டுமே இருந்தது. காலம் நகராதபோது கோடு எங்கே செல்லும்? ஆகவே ஒவ்வொரு நாட்டிற்கும் தனித்தனிப் பட்டைகளை வரைந்தார். காலப்போக்கைக் காட்டக் கோடு. ஒரே காலத்தில் உள்ளவற்றை ஒப்பிடப் பட்டை என்னும் வேறுபாடு அன்றே புலப்பட்டுவிட்டது. அவரே 1801இல் வட்ட விளக்கப்படத்தையும் அறிமுகப்படுத்தினார்.

இனி, நம்மைச் சூழ்ந்துள்ள நிலத்தின் கணக்கைப் பார்ப்போம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சித்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் ஏறத்தாழ 37.46 இலட்சம், 2011இல் 41.74 இலட்சம். பத்தாண்டுகளில் ஏறத்தாழ 11% வளர்ச்சி. இவற்றை இரண்டு பட்டைகளாக வரைந்து, அளவுகோலை 35 இலட்சத்தில் தொடங்கினால் என்ன ஆகும்? முதற்பட்டையின் உயரம் 2.46, இரண்டாவதன் உயரம் 6.74. மக்கள்தொகை இரண்டரை மடங்கிற்கும் மேல் பெருகியதுபோல் தோன்றும். பட்டையில் நாம் நீளத்தையே படிக்கிறோம். ஆதலால் அதன் அடி பூச்சியத்தில் இருத்தல் வேண்டும். எண்கள் நெருங்கியிருக்கும்போது கணினி தானாகவே அடியை வெட்டிவிடுவதும் உண்டு. அச்சிடும் முன் இடப்பக்க அளவுகோலின் முதல் எண்ணைப் பாருங்கள்.

கோட்டு வரைபடத்திலும் ஓர் இடர் உண்டு. கோடு, “இது ஒரே பொருளின் தொடர்ச்சி” என்று சொல்லாமல் சொல்கிறது. சித்தூர் மாவட்டமோ என்றும் ஒரே நிலப்பரப்பாக இருந்ததில்லை. 1911இல் உருவான இம்மாவட்டத்திலிருந்து, 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்குச் சென்றது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. மதனப்பள்ளிப் பகுதி அன்னமய்யா மாவட்டத்தில் சேர்ந்தது. அடுத்த கணக்கெடுப்பில் சித்தூருக்குரிய எண்ணை 2011ஆம் ஆண்டு எண்ணுடன் அப்படியே இணைத்தால் கோடு செங்குத்தாய்ச் சரியும். மக்கள் ஊரைவிட்டுப் போகவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. அவ்விடத்தில் கோட்டை முறித்து, “2022இல் மாவட்டம் பிரிக்கப்பட்டது” என்று குறிக்கவேண்டும். அல்லது பழைய எண்களையும் புதிய எல்லைக்கு ஏற்பக் கணக்கிட்டு வரையவேண்டும்.

மாணவி தன் படத்தை மாற்றி வரைந்தாள். முதல் வினாவிற்குப் பூச்சியத்தில் தொடங்கும் நான்கு பட்டைகள். இரண்டாம் வினாவிற்கு மூன்று துண்டுகள் கொண்ட வட்டம். தலைமையாசிரியர் அறிக்கையைப் புரட்டியபோது கேட்ட ஒரே கேள்வி, “முப்பத்தாறு வீடுகளில் தமிழும், முப்பது வீடுகளில் தெலுங்கும் என்றால், இரண்டும் பேசும் வீடுகள் எத்தனை?” என்பதுதான்.

அவ்விடை படத்தில் இல்லை. ஆனால் 36ஐயும் 30ஐயும் கூட்டி, 40ஐக் கழித்தால், குறைந்தது எத்தனை வீடுகளில் இரு மொழிகளும் வழங்குகின்றன என்பது கிடைக்கும். அதனை நீங்களே கணக்கிட்டு உங்கள் ஏட்டில் எழுதுங்கள்.