மனு மேசை

திங்கட்கிழமை காலை. கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மடக்கு மேசைகள் வரிசையாக விரிந்திருக்கின்றன. மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர்களின் மேசைகள். பத்து மணிக்குள் எழுதி முடித்தால்தான் உள்ளே போய் வரிசையில் நிற்க முடியும். அதனால் பெரும்பாலானவர்கள் கேட்டதைக் கேட்டபடி எழுதித் தள்ளுகிறார்கள். கடைசி மேசைக்காரர் மட்டும் நிதானமாக இருக்கிறார். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். எழுதித் தருவதைவிட, எழுதிக்கொண்டு வந்ததைத் திருத்தித் தருவதில்தான் அவருக்கு விருப்பம் என்று டீக்கடைக்காரர் சொன்னார். இந்தப் பெரியவர் கையில் இருப்பது பேனா இல்லை, பென்சில்.

அவர் முன்னால் ஓர் இளைஞர். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூர். முதல் பேருந்தைப் பிடித்துக் கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வந்திருக்கிறார். கல்லூரியில் படிக்கிறவர் என்பது கையெழுத்திலேயே தெரிகிறது. அழகாக, நெருக்கமாக, இரண்டரைப் பக்கம்.

பெரியவர் ஒரு கோடும் போடாமல் முழுவதும் படித்தார். பிறகு தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, தாளைப் பாக்காம சொல்லு. என்னா வேணும்?"

"எங்க ஊருக்கு மெயின் ரோட்டுலேருந்து ஒண்ணே முக்கா கிலோமீட்டர் காட்டு வழிங்கய்யா. அதை வண்டி போற ரோடா போட்டுத் தரணுங்க."

பெரியவர் அதை அப்படியே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசை நடுவில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்தார். "இதுதான் மனு. நீ எழுதினதுல எது எது இதுக்கு ஒத்தாசையோ, அது மட்டும் இருக்கட்டும்."

அதன்பின் வெட்டுதான். இளைஞரின் மனு இயற்கை அன்னையின் மடியில் தொடங்கியிருந்தது. அது போயிற்று. அடுத்து ஜாகீர்தார்கள் காலம். 1976 வரை மலை அவர்கள் ஆட்சியில் இருந்ததையும், மக்கள் கூலியில்லாமல் உழைத்ததையும் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். பெரியவரின் பென்சில் அந்த இடத்தில் சற்றுத் தயங்கியது. "நல்லா எழுதியிருக்க. இதைத் தனியாக் கட்டுரையா எழுது" என்று சொல்லி, குறுக்கே ஒரு கோடு. பிறகு 2024 கள்ளச்சாராயச் சாவுகள், அதை ஒட்டி மலைவாழ் மக்களின் நிலை குறித்து உயர் நீதிமன்றம் அதே ஆண்டு தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அதுவும் போயிற்று. "இது கலெக்டருக்குத் தெரியாதா? தெரிஞ்சதைச் சொன்னா, தெரியாததைப் படிக்காம விட்டுடுவாங்க."

இளைஞரின் முகம் சுருங்கியது. எனக்கும் அந்த ஜாகீர் பத்தி போனதில் வருத்தம்தான். ஆனால் ஒரு நாள் காலையில் நூற்றுக்கணக்கில் வரும் மனுக்களைப் பிரித்து அனுப்பும் எழுத்தர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பமாட்டார். அவர் பார்ப்பது 'பொருள்' என்ற வரியை. இளைஞரின் பொருள் வரியில் சாலை, பட்டா, செல்போன் கோபுரம், மாலை நேரப் பேருந்து என்று நான்கும் இருந்தன. அப்படி நான்கையும் சேர்த்து எழுதினால் மனு ஏதாவது ஒரு துறைக்குப் போகும், மற்ற மூன்றுக்கும் அந்தத் துறை "எங்களைச் சார்ந்ததல்ல" என்று பதில் எழுதி முடித்துவிடும். பெரியவர் மூன்றை அடித்தார். பட்டாவுக்கு இந்த வாசலே இல்லை என்றார். வன உரிமைச் சட்டத்தின்படி அது கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் தொடங்க வேண்டிய விண்ணப்பம். பேருந்துக்கும் கோபுரத்துக்கும் வேறு திங்கட்கிழமை.

சுருக்கியாயிற்று. ஒன்றே கால் பக்கம் மிச்சம்.

அடுத்து குரல். ஒரே மனுவில் இரண்டு ஆட்கள் பேசுவதைப் பெரியவர் பென்சிலால் தொட்டுக் காட்டினார். மேலே, "தங்கள் பொற்பாதங்களில் பணிந்து வேண்டுகிறோம்". பத்து வரி கீழே, "தவறினால் சாலை மறியலில் ஈடுபடுவோம்". மலையில் இருந்து வருகிற மனுக்களில் மட்டும் இல்லை, பொதுவாகவே நம் மனுக்களில் இந்த இரண்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். கெஞ்சிப் பழகிய கை, கோபம் வந்தால் மிரட்டத்தான் செய்கிறது. இடையில் உரிமையோடு கேட்கிற ஒரு குரல் இருப்பதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவதில்லை.

"மறியல்னு ஒரு வார்த்தை இருந்தா இந்த மனு ரோட்டைப் பாக்காது தம்பி. போலீஸ் ஸ்டேஷனைப் பாக்கும்" என்றார் பெரியவர். பொற்பாதத்தையும் சேர்த்தே அடித்தார். "கடைசியில என்னா கேட்டிருக்க? 'ஆவன செய்யுமாறு'. யாரு செய்யணும்? என்னா செய்யணும்? நீ சொல்லலையே. அவங்களும் 'ஆவன செய்யப்படும்'னு ஒரு காகிதம் அனுப்பிட்டு மூடிடுவாங்க."

"எனக்குத் தெரியாதுங்களே ஐயா, யாரு செய்யணும்னு."

இங்கேதான் காலை நேரத்தில் பாதி போயிற்று. வழி வனத் துறை நிலத்தில் இருக்கிறது. முன்பு கேட்டபோதெல்லாம் "காட்டு நிலம், அனுமதி வராது" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பெரியவர் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைச் சொன்னார். சாலை, பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய், நியாயவிலைக் கடை என்று 13 வகை வசதிகளுக்கு அந்தப் பிரிவின் கீழ் வன நிலம் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக்கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் கோப்பு டெல்லி வரை போக வேண்டியதில்லை. சாலை போடுகிற துறை படிவம் 'அ'வில் முன்மொழிவு எழுதி வனச்சரகரிடம் கொடுக்கும். அவர் இடத்தைப் பார்த்து அறிக்கை அனுப்புவார். மாவட்ட வன அலுவலர் முடிவு செய்வார்.

துண்டுக் காகிதத்தின் பின்பக்கம் கணக்கு நடந்தது. 1,750 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். 7,000 சதுர மீட்டர். ஹெக்டேர் என்பது 10,000. ஆக 0.7 ஹெக்டேர், வரம்புக்குள் வருகிறது. அந்த அளவுக்கு மரம் 52க்கு மேல் போகக்கூடாது.

"எத்தனை மரம் வெட்ட வேண்டியிருக்கும்?"

"எண்ணலீங்க. பெரிய மரம் கொஞ்சம்தான். மத்ததெல்லாம் புதருங்க."

"கொஞ்சம்னு எழுதக்கூடாது. எண்ணிட்டு வா."

'ஆவன செய்யுமாறு' இருந்த இடத்தில் இப்போது இப்படி ஒரு வாக்கியம் வந்தது: 'இந்த வழியில் சாலை அமைக்க, வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவின்படி, படிவம் அ-வில் முன்மொழிவு தயாரித்து வனச்சரக அலுவலரிடம் அளிக்குமாறு ஊராட்சி ஒன்றிய நிர்வாகத்துக்கு உத்தரவிட வேண்டும்.' இதில் மிரட்டலும் இல்லை, பாதமும் இல்லை. ஆனால் இதற்கு 'ஆவன செய்யப்படும்' என்று பதில் எழுதிவிட முடியாது. அனுப்பினோம் என்றோ, இன்ன காரணத்தால் அனுப்பவில்லை என்றோ எழுதியாக வேண்டும். அனுப்பவில்லை என்று எழுத்தில் வந்தால் அதுவும் ஒரு பிடிதான்.

இளைஞர் படித்துப் பார்த்தார். "சரியா இருக்குதுங்கய்யா. ஆனா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்குது. எங்க ஊருன்னே தெரியல."

பெரியவருக்கு அது பிடித்திருக்க வேண்டும். முதல் தடவையாகச் சிரித்தார். "அதைக் கடைசியாத்தான் வைக்கணும். முன்னாடியே வச்சா வெட்டும்போது அதுவும் போயிடும்."

பழைய தாளில் 'சொல்லொணாத் துயரம்', 'கண்ணீர்க் கடல்' என்று இரண்டு மூன்று இடங்களில் இருந்தன. எல்லா ஊர் மனுவிலும் இருப்பவைதான். பெரியவர் துயரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கடைசியாக யாரைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். இளைஞர் சொன்னார். போன ஐப்பசி மழையில் தன் அண்ணியைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். ரோட்டில் 108 வண்டி நின்றது. கிராம சுகாதார செவிலியர் காத்திருந்து பார்த்துவிட்டு, டார்ச் லைட்டோடு எதிரே நடந்து வந்துவிட்டார். பாதி வழியில் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

பெரியவர் மூன்று வரியில் எழுதினார். கடைசி மூன்று சொற்களை விட்டுவிட்டார். இளைஞர் விரலை வைத்துக் கேட்டார். "நலம்னு போடலையேங்கய்யா?"

"போட்டா, நல்லாத்தானே இருக்காங்கன்னு விட்டுடுவாங்க."

"போடலைன்னா செத்துட்டாங்கன்னு நினைப்பாங்க. அந்த நர்சம்மா நடந்து வந்ததாலதான் ரெண்டு பேரும் இருக்காங்க. அதைச் சொல்லாம விடக்கூடாதுங்க."

பெரியவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சற்று நேரம் தாளைப் பார்த்தார். பிறகு தானே எழுதிச் சேர்த்தார்: 'செவிலியர் எதிரே நடந்து வந்து உதவியதால் தாயும் சேயும் நலம். அவருக்கு எங்கள் ஊர் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.' அன்று காலை நடந்த திருத்தங்களில் ஆகச் சிறந்தது இதுதான் என்பேன். குறை சொல்ல வந்த மனுவில் ஓர் அரசு ஊழியருக்கு நன்றி இருக்கிறது. படிக்கப்போகிறவரும் அரசு ஊழியர். எழுதியவர் உண்மையை மறைக்கிற ஆள் இல்லை என்பதும் அவருக்குப் புரியும். கண்ணீர்க் கடலால் இது முடியாது.

எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம், கீழே கையெழுத்துக்கு இடமும் இருக்கிறது. பெரியவர் இணைப்பைக் கேட்டார். இளைஞர் கிராம சபைத் தீர்மான நகலை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் கையெழுத்துகளை மேலிருந்து கீழாகப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

"பெண்கள் நாலே பேருதான் போட்டிருக்காங்க."

"மத்தவங்க காட்டு வேலைக்குப் போயிட்டாங்கய்யா."

"இன்னைக்குக் குடுக்காத."

வன உரிமைச் சட்டத்தின் விதிகளில் 2012ல் வந்த திருத்தப்படி, கிராம சபையில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தீர்மானம் செல்லாது என்று அதை வைத்தே மனுவைத் திருப்பிவிடலாம். இளைஞர் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பெரியவர் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு, துண்டுக் காகிதத்தில் இரண்டு வேலை எழுதிக் கொடுத்தார்: மரங்களை எண்ணுவது, பெண்கள் வேலையிலிருந்து திரும்பிய பிறகு சாயங்காலத்தில் சபையைக் கூட்டுவது.