எத்தனை மலை ஏறினோம்?

பெரம்பலூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் பதினேழு கிலோமீட்டர் வடக்கே, சாலைக்குச் சற்றுக் கிழக்கில் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. பாறைத் திட்டொன்றின் மேல் அடுக்கடுக்காக மதில்கள் எழுப்பிக் கட்டிய கோட்டை அது. 1751ஆம் ஆண்டில் கர்நாடகப் போரின்போது ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதன் அருகே மோதிக்கொண்டனர். கோட்டையின் மேற்பகுதிக்குக் கோட்டைமேடு என்று பெயர். அதன் நிழலில் பிறந்து வளர்ந்து, முப்பதாண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தம் துணைவியாருடன் ஏற்காட்டுக்குச் சென்று திரும்பினார். உள்ளூர்க் கோயிலின் ஆண்டு மலருக்கு அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு நிர்வாகிகள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

கட்டுரையை எழுதி முடித்ததும், வழக்கம்போல் முதலில் மனைவிக்குப் படித்துக் காட்டினார். தமிழாசிரியர் அல்லவா! ஒரே சொல்லை இருமுறை ஆளுவது குற்றம் என்பது அவருடைய கொள்கை. "காலையில் வெற்பினை அடைந்தோம், நண்பகலில் பொருப்பின்மேல் ஏறினோம், மாலையில் சிலம்பின் சாரலில் நடந்தோம், வரையின் உச்சியில் சேர்வராயப் பெருமாளைத் தரிசித்தோம்" என்று எழுதியிருந்தார். திவாகரமும் பிங்கலமும் மலைக்குத் தொகுத்துத் தரும் பெயர்களெல்லாம் அந்த நான்கு பக்கங்களில் ஏறி நின்றன.

அம்மையார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "என்னங்க, நாம் ஒரு மலைக்குத்தானே போனோம்? இதிலே நாலு மலை வருகிறதே?" என்றார்.

பெரியவர் சிரித்துவிட்டு, "எல்லாம் ஒரே பொருள்தான் அம்மா" என்றார்.

"அப்படியா? சாரலில் நடந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு ஒரு தூறல்கூட விழவில்லையே?"

அவருடைய சிரிப்பு நின்றது. பழந்தமிழில் சாரல் என்பது மலையின் சரிவு. அந்தச் சரிவில் காற்றோடு சாய்ந்து விழும் மெல்லிய மழைக்கும் அப்பெயர் வழங்கி, இன்று பெரும்பாலோருக்கு மழை மட்டுமே நினைவிற்கு வருகிறது. குற்றாலச் சாரல் என்றால் குடையைத்தானே தேடுகிறோம்! எழுதியவர் மனத்தில் சரிவு இருந்தது. கேட்டவர் மனத்தில் மழை பெய்தது.

அம்மையார் அதோடு விடவில்லை. "எனக்கு முழங்கால் வலி என்று உங்களுக்குத் தெரியும். செட்டிகுளம் தண்டாயுதபாணியைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. படி ஏற முடியவில்லை. ஏற்காட்டில் கோயில் வாசலுக்குப் பக்கம் வரைக்கும் வண்டி போகும் என்று நீங்கள் விசாரித்துச் சொன்ன பிறகுதான் நான் கிளம்பினேன். உங்கள் கட்டுரையைப் படிக்கிறவளுக்கு அது தெரியுமா? பொருப்பின்மேல் ஏறினோம் என்றால், ஐயோ, நம்மால் ஆகாது என்று ஒருத்தி வீட்டிலேயே இருந்துவிடுவாள். இன்னொருத்தி, அந்த அம்மாவே ஏறினாளே என்று வேறு ஏதாவது மலைக்குப் போய்ப் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவாள்."

செட்டிகுளத்து முருகன் கையில் கரும்புடன் காட்சி தருபவர். பங்குனி உத்திரந்தோறும் கணவனும் மனைவியுமாக அந்தக் குன்றின் படிகளை ஏறியவர்கள். அந்த வழக்கம் நின்றுபோன வருத்தம் அம்மையாருடைய சொற்களில் இருந்தது. பெரியவர் தாள்களை மடித்து வைத்தார். மறுநாள் காலை, பயணத்தை வீட்டு வாசலிலிருந்து மீண்டும் மனத்திலே நடத்தி, ஒவ்வோர் இடத்துக்கும் எந்தச் சொல் பொருந்தும் என்று பார்த்து எழுதத் தொடங்கினார்.

புறப்பட்ட இடம் கோட்டைமேடு. மேடு என்பது சுற்றுநிலத்தைவிட உயர்ந்த தரை, அவ்வளவே. அதற்கு அடுத்தது குன்று. நின்ற இடத்திலிருந்தே அடியும் முடியும் ஒருசேரக் கண்ணில் படும் சிறிய உயரம் அது. காலையில் ஏறி, வழிபட்டு, உணவு வேளைக்குள் இறங்கிவிடலாம். செட்டிகுளம் அத்தகையது. ஆகவே தம் கட்டுரையில் அதைக் குன்று என்றே குறித்தார்.

பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம் வழியாக ஆத்தூர் நோக்கிச் செல்லும்போது, இடப்பக்கம் பச்சைமலை நெடுந்தூரம் உடன் வருகிறது. அதன் அடியும் முடியும் ஒரே பார்வையில் அடங்குவதில்லை. ஒரு முகட்டின் பின்னே மற்றொரு முகடு எழுகிறது. மேலே ஊர்களும் வயல்களும் இருக்கின்றன. இதுவே மலை. இப்படி மலைகள் கைகோத்து நிற்பது மலைத்தொடர். ஆத்தூரை நெருங்கினால் வடக்கே கல்வராயன் மலைத்தொடர் தெரிகிறது.

அங்கிருந்து சேலம் வரையில் சாலையோரத்தில் மரம் குறைந்த, கல்லும் முள்ளுமான சிற்றுயரங்கள் ஆங்காங்கே நிற்கும். அவற்றை அப்பகுதி மக்கள் கரடு என்பர். கரடுமுரடு என்னும் வழக்கில் வரும் அதே கரடுதான். குன்று உயரத்தால் பெற்ற பெயர்; கரடு தன் மேனியால் பெற்ற பெயர். நிகண்டுச் சொற்களை அடுக்கிய முதற்படியில் இச்சொல்லுக்கு இடமே கிடைக்கவில்லை. ஆனால் வழிகேட்டால் ஊரார் சொல்வது இந்தச் சொல்லைத்தான்.

இவ்வளவும் எழுதியபின் ஒரு தடை வந்தது. சேர்வராயன் மலையிலேயே மிக உயர்ந்த முகடுகளுள் ஒன்றுக்குச் சோலைக்கரடு என்று பெயர். கரடு என்றால் வறண்ட சிற்றுயரம் அல்லவா? சோலையும் உயரமும் சேர்ந்த இடத்திற்கு அப்பெயர் எப்படி வந்தது? கோயில்களை எண்ணிப் பார்த்தார். சுவாமிமலை காவிரிச் சமவெளியில் கட்டிய கட்டுமலை. அறுபது படிகள் ஏறினால் சுவாமிநாதன் சந்நிதி. ஆயினும் அது மலை. திருப்பரங்குன்றமோ நெடுந்தொலைவிலிருந்தே தெரியும் பெரும்பாறை. ஆயினும் அது குன்றம். எனவே பெயரைப் பார்த்து உயரத்தை அளக்கக் கூடாது என்று தெளிந்தார். ஊர்ப்பெயர் முன்னோர் இட்டது. அதை மாற்ற நமக்கு உரிமையில்லை. வருணனை நாம் எழுதுவது. அதில் தவறினால் பொறுப்பும் நம்முடையது. பெயரை இருந்தவாறே சொல்லி, அருகில் படியும் தூரமும் பாதையும் எத்தகையவை என்று ஒரு வரி எழுதிவிடுவதே முறை.

பிறகு முதற்படியின் அழகுச் சொற்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தார். வரை என்றால் மலை. எல்லை என்னும் பொருளும் அதற்கு உண்டு. நெட்டுக்குத்தாக நின்று, இதற்கு அப்பால் செல்லாதே என்று தடுக்கும் மலைப்பக்கத்தை நினைத்தால் இரு பொருளும் ஒன்றாய்த் தோன்றும். நீலகிரியிலும் ஆனைமலையிலும் செங்குத்துப் பாறையில் அஞ்சாமல் நிற்கும் வரையாடு, அந்தப் பழஞ்சொல்லை இன்றும் தன் பெயரில் சுமந்து திரிகிறது. நம் மாநில விலங்கு அதுவே. சேர்வராயன் கோயில் இருப்பதோ மலையுச்சியின் அகன்ற சமவெளி. அங்கே "வரையின் உச்சி" என்று எழுதியது கண்ணால் கண்டதற்கு மாறானது. அந்தச் சொல்லை அடித்தார்.

சிலம்பு என்பதும் மலைக்குப் பெயர். சிலம்புதல் என்றால் ஒலித்தல். காலில் ஒலிப்பதும் சிலம்பு. எதிரொலி எழும் மலையும் சிலம்பு. அழகர்கோயில் மலையில் பாயும் தீர்த்தத்திற்குச் சிலம்பாறு என்று பெயர். வடமொழியில் அது நூபுர கங்கை. திருமாலின் திருவடிச் சிலம்பிலிருந்து பெருகியது என்பது தலபுராணம். மலையில் தோன்றும் ஆறு ஆதலால் சிலம்பாறு என்று பொருள் கொள்ளவும் தமிழில் இடமுண்டு. அடியார் திருவடியை நினைக்கலாம். புலவர் மலையை நினைக்கலாம். நீராடுபவர்க்குத் தண்ணீர் ஒன்றுதான். இந்தச் செய்தியைக் கட்டுரையில் வைத்துக்கொண்டார். ஏற்காட்டைச் சிலம்பு என்றதை மட்டும் நீக்கினார்.

வெற்பும் பொருப்பும் குறிஞ்சித் தலைவனை வெற்பன், பொருப்பன் என்று அழைத்த காலத்துச் செய்யுட் சொற்கள். பாட்டில் அவை ஒளிரும். பேருந்து நிற்கும் இடத்தைச் சொல்லும் வரியில் அவை வழிமறிக்கும். அவற்றையும் விடுத்தார்.

இரண்டாம் படி இவ்வாறு அமைந்தது: சேலத்தில் அடிவாரம். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். தலைச்சுற்றல் உள்ளவர்கள் காலையில் குறைவாக உண்பது நல்லது. வளைவுகளின் இருபுறமும் மலைச்சரிவு. மேலே போகப் போகக் காப்பித் தோட்டங்கள். ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்தில் ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்து ஊர்ப்பெயர் ஆயிற்று என்பர். அங்கிருந்து சில கிலோமீட்டர் சென்றால் மலையுச்சிச் சமவெளியில் சேர்வராயன் கோயில். வண்டியை விட்டு இறங்கியபின் நடை சிறிது தூரமே. ஆனால் சந்நிதி ஒரு குகை. மேற்பாறை தாழ்ந்திருப்பதால் உள்ளே குனிந்துதான் செல்ல வேண்டும். கால் வலி உள்ளவர் வரலாம். இடுப்பு வலி உள்ளவர் துணையுடன் வர வேண்டும். குகைக்குள் சேர்வராயனும் காவிரியம்மனும் அருள்புரிகின்றனர்.

மாலையில் மறுபடி படித்துக் காட்டினார். அம்மையார் கண்களை மூடிக் கேட்டார். குகை வந்ததும், அன்று தாம் கணவரின் தோளைப் பற்றிக்கொண்டு குனிந்து நுழைந்ததை நினைத்தவர்போல் கைகளைக் குவித்தார்.

"இப்போது ஒரே மலைதான் இருக்கிறது" என்றார். சற்றுப் பொறுத்து, "செட்டிகுளத்தைக் குன்று என்று எழுதியிருக்கிறீர்களே. குன்றுதானே? பங்குனிக்குள் மெதுவாக முயன்று பார்க்கலாமா?" என்று கேட்டார்.

பெரியவர் உடனே விடை சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை செட்டிகுளம் சென்று, படிகளை ஒவ்வொன்றாக எண்ணி, உட்கார்ந்து இளைப்பாற நிழல் எங்கெங்கே உண்டு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தார்.