கூடைக்குள் ஒரு கணக்கு

கூடைப்பந்தாட்டத்தில் எல்லாக் கூடைகளும் ஒரே விலை பெறுவதில்லை. வளைகோட்டுக்கு உள்ளேயிருந்து எறிந்து விழுந்தால் இரண்டு புள்ளி. கோட்டுக்கு வெளியேயிருந்து விழுந்தால் மூன்று. எதிரணியின் பவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில், தடுப்பார் யாருமின்றி நின்று எறிந்து விழுந்தால் ஒன்று. இப்படி மூன்று விலை உள்ள சந்தையில் ஓர் ஆட்டக்காரரின் திறமையை எந்தத் தராசில் நிறுப்பது? எங்கள் ஆடுகளத்தின் ஓரத்தில் மாலைதோறும் நடக்கும் வாக்குவாதங்களுக்கெல்லாம் வேர் இந்தக் கேள்விதான் என்பது என் எண்ணம்.

நெடுங்காலம் பயன்பட்டு வந்த தராசு எளிமையானது. எத்தனை முறை எறிந்தார், அவற்றில் எத்தனை விழுந்தன என்று பார்த்து, விழுக்காடாகச் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளுக்கு மூன்று புள்ளிக் கோடு 1979-80இலும், உலக விதிகளுக்கு 1984இலும் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு எறிந்து விழுந்தது எல்லாம் இரண்டு புள்ளியே என்பதால் அந்தத் தராசு ஓரளவு நேர்மையாக இருந்தது. கோடு வந்தபின் அது இரண்டு இடங்களில் பொய் சொல்லத் தொடங்கியது. மூன்று புள்ளிக் கூடையையும் இரண்டு புள்ளிக் கூடையையும் ஒன்றாக எண்ணுகிறது. ஃப்ரீ த்ரோவைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. இரண்டாவது குறை கோடு வருவதற்கு முன்பும் இருந்ததுதான். ஆனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்விரு குறைகளையும் சேர்த்துத் தீர்ப்பதற்காக எழுந்த கணக்குக்கு ‘ட்ரூ ஷூட்டிங்’ விழுக்காடு என்று பெயர். ஜான் ஹாலிஞ்சர் என்னும் அமெரிக்க எழுத்தாளரால் பரவலாக அறியப்பட்டது. தமிழில் ‘மெய்யெறி விழுக்காடு’ என்று நான் சொல்லிக்கொள்கிறேன். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க! கணக்கு இதுதான்: ஃப்ரீ த்ரோக்களின் எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கி, அதைக் களத்திலிருந்து எறிந்த எறிகளின் எண்ணிக்கையோடு கூட்ட வேண்டும். கிடைப்பதை ‘முயற்சிகள்’ என்போம். எடுத்த மொத்தப் புள்ளிகளை முயற்சிகளால் வகுத்தால், ஒரு முயற்சிக்கு எத்தனை புள்ளி என்பது தெரியும். அதைப் பாதியாக்கினால் மெய்யெறி விழுக்காடு வந்துவிடும். பாதியாக்குவது, இரண்டு புள்ளிக் கூடையையே அளவுகோலாகக் கொண்ட பழைய விழுக்காட்டைப் போல் தோன்றச் செய்வதற்காக மட்டுமே. மூன்று புள்ளி எறி ஒன்றை மட்டும் எறிந்து அதுவும் விழுந்துவிட்டால் விடை 150 வரும். நூறு விழுக்காட்டுக்கு மேலே போகிற விழுக்காடு! ஆகவே பெயரைப் பார்த்து ஏமாறாமல், ‘ஒரு முயற்சிக்கு எத்தனை புள்ளி’ என்பதையே மனத்தில் வைத்துக்கொள்வது நலம்.

இனி இரண்டு பெரும் ஆட்டக்காரர்களை இந்தத் தராசில் ஏற்றிப் பார்ப்போம். ஒருவர் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் ஷகீல் ஓநீல். மலை போன்ற உருவம். கூடைக்கு அடியிலேயே வாழ்ந்தவர். 1999-2000 பருவத்தில் 1665 எறிகளில் 956 விழுந்தன. இது 57.4 விழுக்காடு. மற்றவர் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் ஜேம்ஸ் ஹார்டன். 2018-19 பருவத்தில் 1909 எறிகளில் 843 மட்டுமே விழுந்தன. இது 44.2 விழுக்காடு. பழைய தராசின்படி ஓநீல் எங்கோ உயரத்தில் நிற்கிறார். ஹார்டனோ பாதிக்கு மேல் வீணடித்தவர்.

ஆனால் ஹார்டனின் 843 கூடைகளைப் பிரித்துப் பாருங்கள். 378 கூடைகள் கோட்டுக்கு வெளியேயிருந்து வந்தவை. அவை மட்டும் 1134 புள்ளிகள். மீதி 465 கூடைகளுக்கு 930 புள்ளிகள். அதோடு 858 ஃப்ரீ த்ரோக்களில் 754 விழுந்திருக்கின்றன. ஆக மொத்தம் 2818 புள்ளிகள். 858ஐ 0.44ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 377.5, அதை 1909உடன் கூட்டினால் 2286.5 முயற்சிகள். வகுத்தால் ஒரு முயற்சிக்கு 1.23 புள்ளி; விழுக்காடாகச் சொன்னால் 61.6.

ஓநீலுக்கு மூன்று புள்ளிக் கூடை ஒன்றுகூட இல்லை. 956 கூடைகளுக்கு 1912 புள்ளிகள். ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு 824 எறிகளுக்காகப் போய், 432 மட்டுமே போட்டார். மொத்தம் 2344 புள்ளிகள், 2027.6 முயற்சிகள். முயற்சிக்கு 1.16 புள்ளி, விழுக்காடு 57.8. பழைய தராசில் பதின்மூன்று விழுக்காடு முந்தியிருந்தவர் புதிய தராசில் ஏறத்தாழ நான்கு விழுக்காடு பின்தங்கிவிட்டார்.

ஓநீலை எதிரணிகள் வேண்டுமென்றே பவுல் செய்தது ஏன் என்பதும் இதே கணக்கில் விளங்கும். களத்தில் அவர் எறிந்த ஓர் எறிக்குச் சராசரியாக 1.15 புள்ளி கிடைத்தது. அவரைப் பிடித்திழுத்துக் கோட்டுக்கு அனுப்பினாலோ, இரண்டு ஃப்ரீ த்ரோக்களுக்கும் சேர்த்துச் சராசரி 1.05 தான். கூடைக்கு அடியில் அவர் பந்தைப் பெற்றுவிட்டால், வேடிக்கை பார்ப்பதைவிடப் பவுல் செய்வது மலிவு! அவருடைய 824 ஃப்ரீ த்ரோக்களில் நான்குக்கு மூன்று விழுந்திருந்தால் இன்னும் 186 புள்ளிகள் சேர்ந்திருக்கும். அவரது மெய்யெறி விழுக்காடும் 62ஐத் தாண்டி ஹார்டனை மிஞ்சியிருக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஃப்ரீ த்ரோவுக்கு ஏன் 0.44? பவுலுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்றால் ஒன்றுக்கு 0.5 தானே வரவேண்டும்? எங்கள் கல்லூரி அணியின் பயிற்சி ஆட்டம் ஒன்று எனக்கு இதைத் தெளிவாக்கியது. அணியின் புள்ளிக் கணக்கை எழுதுபவன் நான். முறைப்படியான புள்ளித்தாளில் விழுந்த கூடைக்கு மட்டுமே குறி உண்டு. விழாத எறி அதில் ஏறுவதில்லை. எத்தனை முறை எறிந்து 16 புள்ளி எடுத்தார் என்று அந்தத் தாளைக் கேட்டால் அது ஊமை. அதனால் தனியாக நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தவறிய எறிகளையும் குறித்து வருகிறேன்.

அன்றைய ஆட்டத்தில் உயரமான நண்பன் ஒருவன் 11 எறிகளில் ஆறைப் போட்டான். எல்லாம் கூடைக்கு அருகில். நான்கு ஃப்ரீ த்ரோக்களில் ஒன்று. மொத்தம் 13 புள்ளிகள். குட்டையான மற்றொரு நண்பனுக்கு 11இல் நான்கு மட்டுமே விழுந்தன. ஆனால் அவற்றில் இரண்டு மூன்று புள்ளிக் கூடைகள். எட்டு ஃப்ரீ த்ரோக்களில் ஆறு. மொத்தம் 16 புள்ளிகள். ஆட்டம் முடிந்ததும் பாராட்டெல்லாம் முன்னவனுக்கு. “பதினொன்றுக்கு நான்குதானாடா?” என்று பின்னவனைக் கேலி செய்தார்கள். அடுத்த ஆட்டத்தில் அவனை வெளியே உட்கார வைக்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. நான் நோட்டை விரித்தேன். முன்னவன் 50.9, பின்னவன் 55.1. அவன் உட்கார வேண்டியதில்லை என்று நான் சொன்னதற்கு அந்த நோட்டைத் தவிர வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.

அவனுடைய எட்டு ஃப்ரீ த்ரோக்களும் எப்படி வந்தன என்றும் குறித்திருந்தேன். கூடையைப் போடும்போதே பவுல் செய்யப்பட்டு, கூடையும் விழுந்து, கூடுதலாக ஒன்று கிடைத்தது. அந்த முயற்சி ஏற்கனவே களத்து எறியாக எண்ணப்பட்டுவிட்டது. மூன்று புள்ளி எறியின்போது பவுல் நேர்ந்து மூன்று கிடைத்தன. எறி தவறியதால் அது களத்து எறியில் சேராது. மற்ற நான்கும் இரண்டிரண்டாக வந்தவை. ஆக எட்டு ஃப்ரீ த்ரோக்களுக்கும் தனி முயற்சி மூன்றே. 0.5ஆல் பெருக்கினால் நான்கு வந்துவிடும். ஒன்றாகவும் மூன்றாகவும் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்கள் இப்படிக் கலந்திருப்பதால்தான் சராசரி அரையிலிருந்து இறங்கி 0.44இல் நிற்கிறது. இது ஆயிரக்கணக்கான ஃப்ரீ த்ரோக்களுக்குப் பொருந்தும் சராசரி. ஒரே ஆட்டத்துக்கு அது சட்டை தைத்தது போல் பொருந்தாது. நண்பனுக்கு 0.44 தருவது 3.52 முயற்சி, உண்மையோ மூன்று. உண்மையை வைத்துக் கணக்கிட்டால் அவன் விழுக்காடு 57.1. ஓர் ஆட்டத்தை மட்டும் பார்ப்பவர்கள் இரண்டு விழுக்காடு வேறுபாட்டுக்காகக் கச்சை கட்ட வேண்டாம்.

மீண்டும் ஹார்டன், ஓநீல் வழக்குக்கு வருவோம். தீர்ப்பு இன்னும் முடியவில்லை. இருவருக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள். 1999-2000இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 13.7 மூன்று புள்ளி எறிகளை எறிந்தது. 2018-19இல் அது 32 ஆகிவிட்டது. ஆட்டமே மாறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கேற்ப எல்லா ஆட்டக்காரர்களுக்குமான மெய்யெறிச் சராசரியும் 52.3இலிருந்து 56க்கு உயர்ந்தது. அவரவர் காலத்துச் சராசரியைக் கழித்தால் ஓநீலுக்கு மிஞ்சுவது 5.5, ஹார்டனுக்கு 5.6. நான்கு விழுக்காடு வேறுபாடு எங்கே போயிற்று! விலைவாசி ஏறிய காலத்தின் சம்பளத்தையும் மலிவான காலத்தின் சம்பளத்தையும் ரூபாயை மட்டும் வைத்து ஒப்பிடலாமா? பொருளியல் மாணவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்குக்குத் தெரியாதவையும் உண்டு. 2018-19 பருவத்திலேயே யூட்டா ஜாஸ் அணியின் ரூடி கோபேர் 68.2 விழுக்காடு வைத்திருந்தார். அப்படியானால் அவர் ஹார்டனைவிடச் சிறந்த எறியாளரா? கோபேர் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது எறிகளைக்கூட எறியவில்லை. அவற்றிலும் பெரும்பாலானவை, பிறர் கொண்டுவந்து தந்த பந்தைக் கூடைக்கு மேலேயே நின்று உள்ளே தள்ளியவை. ஹார்டனோ ஆட்டத்துக்கு இருபத்து நான்குக்கு மேல் எறிந்தார். தாமே பந்தைத் தட்டிக்கொண்டு போய், நேரம் முடியப்போகும் வேளையின் கடினமான எறிகளையும் சுமந்தார். எறியாமலே பந்தைப் பறிகொடுத்த தருணங்களும் மெய்யெறிக் கணக்கில் ஏறுவதில்லை. ஆகவே விழுக்காட்டின் பக்கத்தில், ஆட்டத்துக்கு எத்தனை முயற்சி என்ற எண்ணையும் எழுதி வைத்தால்தான் இரண்டு பேரை ஒப்பிட முடியும். என் நோட்டில் இப்போது அதற்கென ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறேன். பறிகொடுத்த பந்துகளுக்கு இன்னொன்று.