கொல்லிமலையில் ஒரு படமும் ஒரு லிட்டர் தண்ணீரும்

நன்கொடை அளித்தவர்களுக்கு அறிக்கை எழுதும் பொறுப்பு எங்கள் குழுவில் எவருக்கும் உவப்பானதன்று. எத்தனை ஊர், எத்தனை பேர் பார்த்தார்கள், என்ன கற்றார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை அனுப்ப வேண்டும். முதலிரண்டும் எளியவை. மூன்றாவதுதான் எங்களைப் பல இரவுகள் விழிக்க வைத்தது.

நாங்கள் கொண்டு சென்றது குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிய குறும்படம். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். நீரை எப்போது, எப்படிக் கொடுப்பது என்பதே அதன் செய்தி. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செம்மேடு வந்து, அங்கிருந்து பிரியும் பாதைகளில் சிற்றூர்களுக்குப் போக வேண்டும். மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் அடிவாரத்து ஊர்களைப்போல் நெருங்கி அமைந்தவை அல்ல. கொஞ்சம் வீடுகள், பிறகு மரவள்ளிக் காடு, அப்புறம் மறுபடி கொஞ்சம் வீடுகள். மாலையில் சுவரில் வேட்டியைக் கட்டிப் படம் காட்டினால் முதலில் வருபவர்கள் குழந்தைகள். பக்கத்து ஊரில் போட்டால் அதே குழந்தைகள் அங்கும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். தலைகளை எண்ணி 'இத்தனை பேரைச் சென்றடைந்தோம்' என்று எழுதுவது இதனால்தான் சங்கடமாயிற்று. எனவே கூட்டத்தின் எண்ணிக்கையை ஒரு வரியில் முடித்துக்கொண்டு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாய், பாட்டி, அத்தை ஆகியோரை மட்டும் தனியே எண்ணினோம். செய்தி அவர்களுக்கானது.

அடுத்து, அவர்கள் என்ன கற்றார்கள்? 'படம் புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் 'புரிஞ்சுதுங்க' என்றுதான் சொல்வார்கள். தேடி வந்தவர்களிடம் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. 'ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டுமா?' என்று கேட்பதும் வீண். கேள்வியிலேயே விடை இருக்கிறது. ஆகவே கேட்பதை விட்டுவிட்டு, செய்து காட்டச் சொன்னோம். ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து, 'அக்கா, வீட்டில் எப்படிக் கலப்பீர்களோ அப்படியே கலந்து காட்டுங்கள்' என்றோம்.

அங்கேதான் படத்தின் குறை தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய கலவைப்படி பெரிய பொட்டலத்தில் 20.5 கிராம் இருக்கும். அதை ஒரு லிட்டர் நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். படத்தில் வந்த செவிலியர் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் அளந்தார். அந்தக் குவளை மலையில் எந்த வீட்டில் இருக்கிறது? இருப்பது செம்பு, டம்ளர், சில்வர் தூக்கு. சில தாய்மார்கள் பொட்டலத்தில் கால்பங்கை ஒரு டம்ளரில் கொட்டினார்கள். மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளும் சிக்கனம் அது, குற்றமில்லை. ஆனால் கால்பங்கு எவ்வளவு என்று கண்ணால் பிரிக்க முடியாது. உப்பு மிகுந்தால் குழந்தையின் உடலில் சோடியம் கூடி ஆபத்தாகும்; குறைந்தால் பயன் போதாது. கடைகளில் 200 மில்லி நீருக்கான சிறு பொட்டலமும் விற்கிறது. அதை 'ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்' என்ற பாடத்தின்படி கலந்தால் கிடைப்பது ஏறத்தாழ வெறுந்தண்ணீர். போதாக்குறைக்கு, ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கிய இனிப்புப் பானங்களும் வெகுகாலம் விற்கப்பட்டன. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரை அவற்றில் பயன்படுத்தத் தடை விதித்தது.

இன்னொரு சிக்கல் அளவைப் பற்றியதன்று, நம்பிக்கையைப் பற்றியது. ஒரு தாய் கேட்டார்: "தம்பி, தண்ணி குடுத்தாத்தான் இன்னும் போவுதுன்னு எங்க மாமியா சொல்லும். நீங்க குடு குடுங்கறீங்க. நின்னு போச்சுன்னா நம்பலாம்." இந்தக் கேள்விக்குப் படத்தில் விடை இல்லை. ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்கை நிறுத்துவதற்கான மருந்தே அல்ல. குடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே செல்லும்போது நீரையும் இழுத்துச் செல்கின்றன. நோய் தன் போக்கில் தணியும்வரை குழந்தை வறண்டுவிடாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. இதைச் சொல்லாவிட்டால், மூன்று முறை கொடுத்தும் நிற்கவில்லையே என்று நான்காம் முறை கொட்டிவிடுவார்கள். போக்கின் நாட்களைக் குறைக்கத் துத்தநாக மாத்திரை உண்டு என்பது படத்தின் கடைசியில், ஓடிப்போகும் எழுத்தில் மட்டும் வந்தது.

வங்கதேசத்தில் பிராக் நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகள் இதே காரியத்தை வீடுவீடாகச் செய்தது. பொட்டலம் இல்லை, மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளைத் தொட்ட அந்தப் பணியில் ஊழியருக்கான கூலி எத்தனை வீடு ஏறினார் என்பதற்காகத் தரப்படவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று, தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, கலவை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே ஊதியம். அப்படியும் தொடக்கத்தில், கலக்கத் தெரிந்தவர்களில் மிகச் சிலரே நோய் வந்தபோது கலந்து கொடுத்தார்கள். காரணம் தேடியபோது, கற்பித்த ஊழியர்களே தமக்கு நோய் வந்தால் அதைக் குடிப்பதில்லை என்று தெரியவந்ததாம். அதன்பின் ஊழியர்களுக்கு அதன் வேலை விளக்கப்பட்டது. (எங்கள் குழுவில் எத்தனை பேர் குடிப்போம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது தனிக் கதை.)

இதை முன்மாதிரியாகக் கொண்டு கணக்கை மூன்று முறை எடுத்தோம்: படத்துக்கு முன், முடிந்தவுடன், ஒரு மாதம் கழித்து. நன்கொடையாளர்களுக்கு விளங்க வேண்டுமென்று ஒரு கற்பனை ஊரை எடுத்துக்காட்டாகத் தந்தோம். கூட்டம் அறுபது பேர். அதில் குழந்தை வளர்ப்பவர்கள் பன்னிருவர் என்று கொள்வோம். படத்துக்கு முன்பே நால்வர் சரியாகக் கலக்கிறார்கள். முடிந்தவுடன் ஒன்பதின்மர். மாதம் கழித்து அறுவர். இதில் படத்தின் பயன் அறுபதுமல்ல, ஒன்பதுமல்ல. ஆறிலிருந்து நான்கைக் கழித்த இரண்டுதான். அந்த இரண்டையும்கூட உறுதியாக நம் கணக்கில் எழுத முடியாது. மழைக்காலத்தில் அரசின் வயிற்றுப்போக்குத் தடுப்பு முகாம் நடக்கிறது. அப்போது பொட்டலங்கள் வீடுகளுக்கே வருகின்றன. கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதை நாம் ஒரு மாலையில் கற்பித்ததாக எழுதலாகாது. படம் காட்டாத ஓர் ஊரிலும் அதே சோதனையைச் செய்தாலொழிய வேறுபாடு எதனால் என்று பிரிக்க இயலாது. அந்த ஊரையும் சேர்த்துத்தான் அடுத்த சுற்றுக்குத் திட்டமிட்டிருக்கிறோம்.

அறிக்கையைக் கண்டு எங்களில் ஒரு நண்பர் கலங்கினார். 'இரண்டு என்று எழுதினால் அடுத்த ஆண்டு பணம் வருமா?' என்றார். நியாயமான அச்சம்தான். வேறு அமைப்புகள் பெரிய எண்களோடு அவர்கள் வாசலில் நிற்கும்போது, எங்களுடையது வெறுங்கையாகத் தோன்றும். ஆயினும் பெரிய எண்ணை அனுப்பியிருந்தால் அவர்கள் அதே படத்தை இன்னும் நிறைய ஊர்களில் காட்டவே பணம் தருவார்கள். செம்பு அளவு யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

ஆகவே கேட்டது புதுப் படத்துக்கான பணமன்று. பழைய படத்தில் குவளை வரும் காட்சியை மட்டும் வெட்டி, செம்மேட்டில் கிடைக்கும் செம்பை வைத்து மறுபடி எடுக்க வேண்டும். மாமியாரின் கேள்விக்கும் ஒரு நிமிடம் ஒதுக்க வேண்டும். கூடவே ஒரு சிறு ஏற்பாடு. ஆகாயகங்கை பார்க்க வருபவர்கள் விட்டுச்செல்லும் லிட்டர் போத்தல் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு, படம் முடிந்தபின் வீடுகளுக்குப் போவது. அந்த நீரை அந்தந்த வீட்டுச் செம்பில் ஊற்றி, நிற்கும் மட்டத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பது. இதுவரை கோடு போட்ட சில செம்புகளில் ஒன்றில்கூட விளிம்பும் லிட்டரும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் லிட்டர் நிரம்பி வழிந்தது. இன்னும் சிலவற்றில் கழுத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது.