இரண்டு மதிப்பெண் பாக்கி

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. என்னிடம் கணினி அறிவியல் படித்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். முக்கியமாக உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முன் பைத்தான் படித்த கடைசி பேட்ச்சுகளுக்கு ஒரு விஷயத்தைத் தவறாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

முதலில் பழைய பேட்ச்சுகளை நினைவுபடுத்துகிறேன். டர்போ சி++ காலம், அந்த நீலத் திரை. ஒரு ஃபங்ஷனை அழைத்து அதனிடம் ஒன்றைக் கொடுக்கிறோம். அதை அந்த ஃபங்ஷனால் மாற்ற முடியுமா, முடியாதா? இதற்கு நான் ஜெராக்ஸ் கதை சொல்வேன், ஞாபகம் இருக்கும். கால் பை வேல்யூ என்றால் டி.சி.யின் ஜெராக்ஸைக் கொடுப்பது. வாங்கியவர் அதில் கிறுக்கினாலும் கிழித்தாலும் வீட்டில் இருக்கும் ஒரிஜினலுக்கு ஒன்றும் ஆகாது. கால் பை ரெஃபரன்ஸ் என்றால் ஒரிஜினலையே கொடுத்துவிடுவது. சி++-ல் இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு & குறிதான்.

```cpp
void maatru(int &a, int &b) {
    int t = a;
    a = b;
    b = t;
}
```

இப்படி எழுதினால் அழைத்தவருடைய இரண்டு எண்களும் இடம் மாறிவிடும். இரண்டு & குறிகளையும் எடுத்துவிட்டால் உள்ளே மட்டும் மாறும், வெளியே எல்லாம் இருந்தபடியே இருக்கும். இதோடு, "அரே மட்டும் & போடாமலேயே ரெஃபரன்ஸாகப் போகும்" என்று ஒரு வரியும் சேர்த்துச் சொல்வேன். அது முழு உண்மை இல்லை. போவது அரேயின் முதல் உறுப்பு இருக்கும் முகவரி. ஆனாலும் பரீட்சைக்கு அந்த வரி போதுமானதாக இருந்தது. பின்னால் என்னைக் கவிழ்த்ததும் அந்த வரிதான்.

2019-ல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் வந்தது. அந்த வயதில் புது மொழி படிப்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். படித்த சூட்டோடு வகுப்பின் மாதத் தேர்வு மதிப்பெண்களுக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். வரிசை எண்கள் ஒரு லிஸ்ட், மதிப்பெண்கள் இன்னொரு லிஸ்ட். ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனிச் சீட்டு அச்சாகும். தலைமையாசிரியருக்கு முதல் மூன்று மதிப்பெண்களும் வகுப்பின் சராசரியும் போகும். இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது.

மூன்றாவது மாதம் பெற்றோர் கூட்டம். ஒரு மாணவியின் அம்மா சீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "சார், எம்பொண்ணு காய்ச்சல்ல படுத்திருந்தா, பரீட்சையே எழுதல. 62-ன்னு போட்டிருக்கீங்களே?" என்றார். பக்கத்திலேயே ஒரு அப்பா நின்றிருந்தார். அவர் மகனுடைய சீட்டில் பூஜ்யம். அவன் தேர்வு எழுதியது எனக்கே தெரியும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, மகனை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் சீட்டுகளைக் கொடுக்கும் முன் சரிபார்க்காமல் இல்லை. கையால் கூட்டிய மொத்தமும் புரோகிராம் கொடுத்த மொத்தமும் ஒன்றாக இருந்தன, சராசரியும் ஒத்துப்போனது. அதற்குமேல் எதைப் பார்ப்பது என்று இருந்துவிட்டேன். தவறு இங்கே இருந்தது:

```python
def top_three(m):
    m.sort(reverse=True)
    return m[:3]

marks = [62, 91, 0, 78, 45]
print(top_three(marks))
print(marks)
```

புரிவதற்காக ஐந்து பேரோடு சுருக்கியிருக்கிறேன். மூன்றாம் எண் மாணவி வரவில்லை, அதனால் பூஜ்யம். முதல் print, [91, 78, 62] என்று சரியாகவே காட்டும். இரண்டாவது print-ஐப் பாருங்கள். marks இப்போது [91, 78, 62, 45, 0] ஆகிவிட்டது. முதல் மூன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். ஃபங்ஷன் என் லிஸ்டையே இறங்கு வரிசையில் அடுக்கி வைத்துவிட்டது. வரிசை எண் லிஸ்ட் மட்டும் பழையபடியே நிற்கிறது. ஆகவே முதல் எண்ணுக்கு 91, வராத மூன்றாம் எண்ணுக்கு 62, தேர்வு எழுதிய ஐந்தாம் எண்ணுக்குப் பூஜ்யம். மொத்தம் முன்பும் 276, பின்பும் 276. இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது என்பது ஆறாம் வகுப்புக் கணக்கு!

அப்படியானால் முதல் இரண்டு மாதம் எப்படிச் சரியாக வந்தது? அப்போது சீட்டுகளை அச்சிட்ட பிறகு top_three-ஐ அழைத்தேன். மூன்றாவது மாதம் தலைமையாசிரியர் அவசரமாகக் கேட்டதால் அந்த வரியை மேலே கொண்டுபோனேன். மதிப்பெண்களை ஒரே பத்தியாகப் போட்டுப் பார்த்திருந்தால் வரிசை எண் ஏற ஏற மதிப்பெண் படிக்கட்டு மாதிரி இறங்குவது கண்ணில் பட்டிருக்கும். தனித்தனிச் சீட்டு என்பதால் படவில்லை.

திருத்துவதற்கு ஒரே ஒரு வரிதான். `m.sort(reverse=True)` என்பதை `m = sorted(m, reverse=True)` என்று மாற்றினேன். அன்று மாலையே புதுச் சீட்டுகள் கொடுத்து, அந்தப் பையனின் அப்பாவிடம் போனில் மன்னிப்பும் கேட்டேன்.

இதுவரை நடந்தது கவனக்குறைவு. அடுத்து நடந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். இந்த அனுபவத்திலிருந்து நான் தப்பான பாடம் படித்துக்கொண்டேன். பழைய அரே வரியை எடுத்து அப்படியே ஒட்டி, "பைத்தானில் எண்கள் கால் பை வேல்யூ, லிஸ்ட் கால் பை ரெஃபரன்ஸ்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அரையாண்டுத் தேர்வில் இதையே இரண்டு மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டேன்: வெளியீடு என்ன?

```python
def swap(a, b):
    a, b = b, a

x = [1, 2]
y = [3, 4]
swap(x, y)
print(x, y)
```

லிஸ்ட் ரெஃபரன்ஸாகப் போகிறது, ஆகவே இடம் மாறும். [3, 4] [1, 2] என்பது என் விடைக்குறிப்பு. ஒரே ஒரு மாணவி [1, 2] [3, 4] என்று எழுதியிருந்தாள். பூஜ்யம் போட்டேன். மறுநாள் ஆசிரியர் அறைக்கு வந்து, "சார், லேப்ல ஓட்டிப் பார்த்தேன், இதுதான் சார் வருது" என்றாள். நான் ஏதோ பதிவேட்டில் மும்முரமாக இருந்தேன். "அப்புறம் பார்க்கலாம்மா" என்றேன். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

போன மாதம் என் பேரன் இதே மாதிரி ஒரு கணக்கோடு வந்தான். நான் பழைய பாடத்தை ஒப்பித்தேன். அவன் மடிக்கணினியில் தட்டிவிட்டு, "தாத்தா, மாறலையே" என்றான். திரையில் [1, 2] [3, 4].

அன்று இரவு தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். லிஸ்டின் ஜெராக்ஸ் போகிறது என்றால் top_three என் லிஸ்டைக் கலைத்திருக்க முடியாது. ஒரிஜினலே போகிறது, சி++-ன் & மாதிரி என்றால் swap வேலை செய்திருக்க வேண்டும். இரண்டுமே இல்லை. அப்படியானால் போவது என்ன?

என் ஜெராக்ஸ் கதையை இப்படித் திருத்திக்கொண்டேன். ஆசிரியர் அறை பீரோவில் ஒரு பதிவேடு இருக்கிறது. என் கையில் 'ஏழாம் எண் பதிவேடு' என்று எழுதிய துண்டுச் சீட்டு. பைத்தானில் x என்பது அந்தச் சீட்டுதான், பதிவேடு அல்ல. ஃபங்ஷனை அழைக்கும்போது சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறேன். வாங்கியவர் அதை வைத்துப் பீரோவைத் திறந்து ஏழாம் பதிவேட்டில் எழுதலாம், அடிக்கலாம், பக்கங்களை மாற்றி அடுக்கலாம். நான் போய்ப் பார்க்கும்போது அந்த மாற்றம் எனக்கும் தெரியும், பதிவேடு ஒன்றுதானே. `m.sort()`, `m.append(5)`, `m[0] = 99` எல்லாம் இந்த வகை. ஆனால் அவர் தன் சீட்டில் ஏழை அடித்து ஒன்பது என்று எழுதிக்கொண்டால் என் சீட்டில் ஏழு ஏழாகவே இருக்கும். `m = sorted(m)`, `a, b = b, a` இரண்டும் இந்த வகை. ஃபங்ஷனின் உள்ளே ஒரு பெயருக்கு நேராக '=' போட்டால் மாறுவது அவருடைய சீட்டு மட்டும்.

எண்களுக்கும் இதே கதைதான், தனிச் சட்டம் கிடையாது. x என்ற எண்ணைக் கொடுத்துவிட்டு வெளியே `id(x)`, உள்ளே `id(n)` அச்சிட்டுப் பாருங்கள், ஒரே எண் வரும். நகல் எடுக்கப்படவே இல்லை. எண்ணுக்குள் போய் மாற்ற வழி இல்லாததால் `n = n + 1` என்பது சீட்டை மாற்றுவதாக மட்டுமே முடிகிறது; வெளியிலிருந்து பார்க்க வேல்யூ மாதிரி தோன்றுகிறது.

இதற்குப் பெயரும் இருக்கிறது: கால் பை ஷேரிங். 1970-களில் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவும் உடன் இருந்தவர்களும் க்ளூ என்ற மொழியை உருவாக்கியபோது வைத்த பெயர். ஜாவாவில் ஆப்ஜெக்ட்டுகள் போவதும் இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். `m = m + [5]` புது லிஸ்ட் செய்து உள்சீட்டை மாற்றும், வெளியே பாதிப்பில்லை. `m += [5]` என்று சுருக்கி எழுதினால் பழைய லிஸ்டிலேயே சேர்க்கும், வெளியேயும் மாறும். பார்க்க ஒன்று போலிருக்கும் இந்த இரண்டும் ஒன்றல்ல.

என் top_three-யில் இன்னொரு கோளாறும் இருந்தது, இப்போதுதான் புரிகிறது. பைத்தானோடு வரும் `sort()` லிஸ்டை மாற்றும், திரும்பத் தருவது None. `sorted()` புதியதைத் தரும், பழையதைத் தொடாது. மாற்றுகிறவன் ஒன்றும் தராமல் இருந்தால் அழைத்தவருக்குச் சந்தேகம் வரும், எங்கோ மாற்றம் நடந்திருக்கிறது என்று. என் ஃபங்ஷன் விடையையும் கையில் கொடுத்துவிட்டு, கமுக்கமாக லிஸ்டையும் மாற்றியது. சி++-ல் என்றால் ஃபங்ஷனின் தலைப்பில் `const vector<int> &m` என்று எழுதியிருந்தாலே போதும், உள்ளே அடுக்கப் போனால் கம்பைலர் விடாது. பைத்தானில் அந்தக் காவல் கிடையாது. லிஸ்டுக்குப் பதில் டூபிள் கொடுத்தால் `m.sort()` என்ற வரியிலேயே பிழை காட்டி நின்றுவிடும்.

அந்த மாணவியின் எண்ணை அவள் தோழி மூலம் வாங்கிப் போன வாரம் பேசினேன். இப்போது வேலையில் இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "ஞாபகம் இருக்கு சார். அன்னிக்கு லேப்ல மூணு தடவை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்" என்றாள். அந்த விடைத்தாள் எங்கே இருக்கிறதோ தெரியாது. அவளுக்கு 2 மதிப்பெண் பாக்கி. மற்றவர்களுக்கு நான் போட்ட இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள்.