ஆறு வருடம் கழித்து ஒரு மெசேஜ்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். 2019-ல் குழந்தைக்காக வேலையை விட்டார். அதன்பின் மேனேஜரிடம் பேசவே இல்லை. ஆறு வருடத்தில் அந்த மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே ஆள் எடுக்கிறார்கள். வீட்டிலோ ஒரு சம்பளம் போதவில்லை.

'எப்படி இருக்கீங்க சார்?' என்று மட்டும் அனுப்பி, நாலு நாள் கழித்து விஷயத்துக்கு வரலாமா என்று யோசித்தார். அப்படிச் செய்தால் நலம் விசாரித்ததே பொய்யாகத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் எழுதினார்:

"சார், 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது ராத்திரி பத்து மணி வரை ரிட்டர்ன் போட்டோமே, அந்த டீமில் இருந்தேன். மறுபடி வேலைக்கு வரப் பார்க்கிறேன். உங்கள் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை ஒன்று பார்த்தேன். எனக்குச் சரிவருமா? சொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை சார்."

கம்பெனி வெப்சைட்டில் அவர் முதலில் விண்ணப்பிக்கவில்லை. நேரடியாக விண்ணப்பித்தவரை ஊழியர் சிபாரிசு செய்தால் பல கம்பெனிகள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. "ஞாபகம் இருக்கும்மா. ஆனா நீங்க போனப்புறம் 2020-ல இ-இன்வாய்ஸ் வந்துடுச்சு. இன்டர்வியூல முதல்ல அதைத்தான் கேப்பாங்க. பழகிட்டு ரெஸ்யூமே அனுப்புங்க, நான் கொடுக்கறேன்."

பேசாமல் இருந்த வருடங்களை அவர் கேட்கவே இல்லை. வேலையில் விட்டுப்போனதைத்தான் சொன்னார்.