தீபாவளியும் ஒரு மர வீடும்

மாற்றலாகி அகமதாபாத் வந்ததுல எனக்குக் கிடைச்ச லாபம், பழைய நகரத்துல ஒரு 'போள்' வீட்டு மாடி. போள்னா குறுகலான சந்துக் குடியிருப்பு. 2017ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பகுதி. வீட்டு முகப்பு முழுக்க மரச் செதுக்கல். தீபாவளிக்குக் கலர் கலரா சீரியல் பல்பைச் சுத்தினா அத்தனையும் காணாமப் போயிடும். எதிர்வீட்டைப் பார்த்தாலே தெரியும், பல்பு மட்டும்தான் வீடு!

எங்க வீட்டுக்காரர் காகா வழி வேற. மாடி முன்னால நீட்டிக்கிட்டு இருக்கே, அதுக்கு அடியில ஒரே ஒரு சரம், மஞ்சள் கலந்த வெள்ளை. பல்பு தெருவைப் பார்க்காம சுவரைப் பார்க்கணும். வெளிச்சம் மரத்துல பட்டு இறங்கும்போது பூவும் கொடியும் நிழலோட எழுந்து வரும். தாங்குகட்டைகள் மேல ஒண்ணும் சுத்தக்கூடாது, நிழல் செத்துடும். மினுக்கறதும் கிடையாது. ஆணிக்குப் பதில் நூல்கயிறு.

அகல் எல்லாம் ஓட்லோவுல, அதாங்க, நம்ம ஊர்த் திண்ணை. முன்னாடியே தண்ணியில ஊறப்போட்டுக் காயவைப்பார், இல்லன்னா மண்ணே எண்ணெயைக் குடிச்சிடும். மரத்தூண்லேர்ந்து ஒரு முழம் தள்ளித்தான் வைப்பார். நூறு வருஷக் காய்ஞ்ச தேக்கு, சந்துக்குள்ள தீயணைப்பு வண்டி நுழையாது.

சரம் கட்டினதும் எதிர்ப்பக்கம் போய்க் கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார். புள்ளி புள்ளியா பல்பு தெரிஞ்சா மறுபடி திருப்பிக் கட்டணும்.

பத்து மணிக்கு மேல எண்ணெய் விடமாட்டார். கடைசி அகல் அணையற வரை ஓட்லோவுல உட்கார்ந்திருப்பார், பக்கத்துல ஒரு வாளி மணல்.